கார்ட் என் கையில், காசு எங்கே? வவுச்சர் வாங்கி ஏமாந்த கதையும் ஒரு கேள்வியும்

தையல்கடை, புதுக்குடியிருப்பு | 08.03.2025, இரவு 9.10

இன்றைக்குக் கிளிநொச்சியில் நடந்ததை எழுதுகிறேன். யாராவது விளக்கம் சொல்லுங்கள்.

வட்ஸ்அப் விற்பனைக் குழு ஒன்றில் ஒரு சூப்பர்மார்க்கெட் கிஃப்ட் கார்ட் விலைக்கு வந்தது. 10,000 ரூபா பெறுமதி, விலை 8,500. கொழும்பில் வேலை செய்கிறேன், எனக்குத் தேவையில்லை என்று விற்றவர் எழுதியிருந்தார். கார்டின் இரண்டு பக்கப் படமும் அனுப்பினார். பின்பக்கத்தில் வெள்ளிக் கோடு சுரண்டாமல் இருந்தது. நானும் சும்மா நம்பவில்லை. கார்டில் அச்சடித்திருந்த கடையின் இலக்கத்துக்கு நானே அழைத்து, கார்ட் நம்பரைச் சொல்லி மீதி கேட்டேன். 10,000 இருக்கிறது என்றார்கள். புதன்கிழமை மாலை காசு போட்டேன். வெள்ளிக்கிழமை கூரியரில் கார்ட் வந்தது. கோடு அப்போதும் சுரண்டப்படவில்லை.

இன்று மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். விசுவமடு, தருமபுரம், பரந்தன் எல்லாம் தாண்டிக் கடைக்குப் போய்ச் சேரவே பத்தரை மணி. பால்மா, சவர்க்காரம், அவளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து, எல்லாம் சேர்த்து 9,640 ரூபா. கெஷியரின் முன்னால்தான் கோட்டைச் சுரண்டினேன். அந்தப் பிள்ளை இரண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இதில் மீதி பூச்சியம்" என்றது. கையில் இருந்த காசுக்குப் பால்மாவை மட்டும் எடுத்தேன். சப்பாத்துப் பெட்டியை மகளே கொண்டுபோய்த் தட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

என் கேள்வி இதுதான். கார்ட் என்னிடம், கோடு சுரண்டவில்லை, மீதியையும் நானே கேட்டேன். அப்படியிருக்க இது எப்படி நடக்கும்? கடையின் மெஷினில் பிழையா?

மாங்குளம் பைக் | 08.03.2025, இரவு 9.32

அக்கா, நீங்கள் விட்ட பிழை மீதியைப் புதன்கிழமை பார்த்ததுதான். காசு போடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பார்த்து, திகதியோடு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருந்தால் கடைக்காரர் தந்தே ஆக வேண்டும். நான் இப்படி நாலு தரம் வாங்கினேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

ஒட்டுசுட்டான் | 08.03.2025, இரவு 9.50

கார்டைச் சுரண்டி நம்பர் அடித்தும் ஏறவில்லையென்றால் அந்தக் கொம்பனியின் ஹொட்லைனுக்கு எடுங்கள், வேறு நம்பர் தருவார்கள். எனக்குப் போன வருடம் 100 ரூபா கார்டில் இரண்டு இலக்கம் அழிந்துபோனது, அப்படித்தான் எடுத்தேன்.

தையல்கடை, புதுக்குடியிருப்பு | 08.03.2025, இரவு 9.58

அண்ணா, நீங்கள் சொல்வது போன் ரீலோட் கார்ட். இது கடையில் சாமான் வாங்கும் கார்ட்.

மாங்குளம் தம்பி, நான் காசு போட்டது புதன் மாலை 7.40க்கு. மீதி கேட்டது 7.30க்கு. பத்து நிமிடம்தான் இடைவெளி. அழைப்பு நேரம் போனில் இருக்கிறது.

நெளுக்குளம் கெஷியர் | 09.03.2025, காலை 6.15

வேலைக்குப் போகும் முன் எழுதுகிறேன். வவுனியாவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் ஏழு வருடமாகக் கவுண்டரில் இருக்கிறேன், உங்கள் கடை இல்லை. தங்கச்சி, மெஷினில் பிழை இல்லை.

அந்த பிளாஸ்டிக்கில் காசு இல்லை. காசு இருப்பது கொம்பனியின் கணினியில், ஒரு நம்பருக்கு நேரே எழுதிய கணக்காக. நம்பரும் அதன் இரகசிய இலக்கமும் யாருக்குத் தெரியுமோ, அவர்களில் முதலில் வந்து கேட்பவருக்கு அது போகும். கார்ட் புதுக்குடியிருப்பில் உங்கள் அலுமாரிக்குள் இருந்தாலும், இரண்டு இலக்கமும் தெரிந்தவர் ஒன்லைனில் சாமானுக்கு ஓடர் போட்டு முடித்துவிடலாம். நீங்கள் கேட்டபோது 10,000 இருந்தது உண்மைதான். மீதி கேட்டால் கணினி தொகையைச் சொல்லும், அந்தத் தொகையை உங்களுக்காகப் பிடித்து வைக்காது. ஸ்கிரீன்ஷொட் எடுத்தாலும் அப்படித்தான். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று எட்டிப் பார்ப்பது போல. நீங்கள் வாளி எடுக்கப் போன நேரத்தில் இன்னொருவர் அள்ளிவிடலாம்.

உங்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, அந்தக் கடை முகாமையாளரிடம் கார்ட் எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, எந்தக் கிளையில் அல்லது ஒன்லைனில் பாவிக்கப்பட்டது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அது அவர்கள் கணினியில் இருக்கும். இரண்டாவது, சுரண்டிய இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சுரண்டியபோது தூளாக வந்ததா, தோலாக உரிந்ததா?

தையல்கடை, புதுக்குடியிருப்பு | 09.03.2025, காலை 8.40

அண்ணா, உங்கள் கேள்வியைப் படித்தவுடன் கார்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.

தூளாக வரவில்லை. நேற்று ஐந்து ரூபாக் குற்றியால் சுரண்டும்போதே ஒரு மூலை மடிந்து எழும்பியது, அவசரத்தில் கவனிக்கவில்லை. இன்று மிச்சத் துண்டை நகத்தால் பிடித்து இழுத்தேன். நூல் வெட்டிய ரிபன் போல ஒரே கீலமாக வந்துவிட்டது. அதற்குக் கீழே இரகசிய இலக்கத்தைச் சுற்றிப் பழைய சாம்பல் தூளின் ஓரங்கள் ஒட்டியிருக்கின்றன. முதல் கோடு எப்போதோ சுரண்டப்பட்டிருக்கிறது. எனக்கு வந்தது அதன்மேல் ஒட்டிய வேறு கோடு.

நெளுக்குளம் கெஷியர் | 09.03.2025, இரவு 10.05

நினைத்தது சரி. அந்த வெள்ளி ஸ்டிக்கர் சுருளாக விற்கிறது, அதிர்ஷ்டச் சீட்டு, கலியாண விளையாட்டு அட்டை எல்லாவற்றுக்கும் வாங்குவார்கள். இலக்கத்தை எழுதிக்கொண்டு புதுக்கோடு ஒட்டி அனுப்பினால் பார்ப்பவருக்குப் புதுக் கார்ட்தான். தொழிற்சாலைக் கோடு அட்டையோடு அட்டையாகத் தட்டையாக இருக்கும், விரலால் தடவினால் ஓரம் தெரியாது. ஒட்டிய கோட்டின் ஓரம் விரலில் தட்டுப்படும், சிலவேளை கொஞ்சம் சரிந்தும் இருக்கும்.

ஆனால் இதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நல்ல ஒட்டை எனக்கே கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்கிறது. அத்தோடு சில கார்டுகளில் கோடே இல்லை, பார்கோட் மட்டும்தான். அதைப் படம் எடுத்தவருக்கு வேறு ஒன்றும் தேவையில்லை.

மாங்குளம் பைக் | 09.03.2025, இரவு 10.30

சரி, ஸ்கிரீன்ஷொட் கதையை விடுகிறேன். ஆனால் நான் நாலு தரம் வாங்கினேனே, அப்போது ஏன் ஒன்றும் நடக்கவில்லை?

நெளுக்குளம் கெஷியர் | 09.03.2025, இரவு 10.41

யாரிடம் வாங்கினீர்கள் தம்பி? வாங்கி எத்தனை நாளில் பாவித்தீர்கள்?

மாங்குளம் பைக் | 09.03.2025, இரவு 10.44

ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் சிநேகிதனிடம். அவனும் நானும் ஒன்றாகத்தான் வவுனியா போவோம், அன்றைக்கே முடித்துவிடுவேன்.

ஓ. விளங்கிவிட்டது.

தையல்கடை, புதுக்குடியிருப்பு | 10.03.2025, மதியம் 1.20

முகாமையாளருடன் போனில் கதைத்தேன். நல்ல மனிதர். கார்ட் புதன்கிழமை இரவு 8.25க்கு ஒன்லைன் ஓடர் ஒன்றுக்குப் பாவிக்கப்பட்டிருக்கிறது. நான் காசு போட்டு முக்கால் மணி நேரம். கார்ட் அப்போது கூரியருக்குக்கூடப் போகவில்லை. காசு வந்ததைப் பார்த்துவிட்டு, சாப்பாடு சாப்பிடும் நேரத்துக்குள் முடித்துவிட்டான். அதன்பிறகும் கோடு ஒட்டிய கார்டை மினக்கெட்டு எனக்கு அனுப்பியிருக்கிறான். வெள்ளிக்கிழமை வரை நான் சந்தேகப்படாமல் இருக்கத்தானே அது. அந்த இரண்டு நாளில் அவன் குழுவில் இருந்து போய்விட்டான்.

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. கொழும்பில் கடைக்குப் பக்கத்தில் இருப்பவர் வாங்கினால் பத்து நிமிடத்தில் கவுண்டரில் நிற்பார். எங்களுக்குக் கடைக்குப் போகவே ஒரு சனிக்கிழமை வேண்டும். புதனுக்கும் சனிக்கும் இடையில் என் காசு நடுரோட்டில் கிடந்தது. தள்ளி இருப்பவர்களாகப் பார்த்துத்தான் விற்கிறார்களோ தெரியவில்லை.

விசுவமடு அம்மா | 10.03.2025, மாலை 4.05

பிள்ளைகள், இதே கதைதானே என்று கேட்கிறேன். கனடாவில் இருக்கும் என் தங்கச்சி பேரனின் பிறந்தநாளுக்கு 50 டொலர் Google Play கார்ட் வாங்கிப் படம் எடுத்து அனுப்பினாள். பேரன் போனில் அடித்தால் ஏறுதில்லை. காலாவதியாகிவிட்டதோ? பேஸ்புக்கில் ஒருவர் பாதி விலைக்கு எடுக்கிறேன் என்கிறார், முதலில் படத்தை அனுப்பட்டாம். அனுப்பலாமா?

பம்பைமடு மாணவி | 10.03.2025, மாலை 4.30

அம்மா, படத்தை அனுப்பாதீர்கள். அனுப்பினால் காசையே அனுப்பியதாகத்தான் அர்த்தம், பிறகு அவர் பதில் போட வேண்டிய அவசியமே இல்லை.

கார்ட் காலாவதியாகவில்லை. இந்தக் கார்டுக்குக் காலாவதி கிடையாது, ஆனால் நாடு இருக்கிறது. கனடாவில் வாங்கியது கனடாக் கணக்கில்தான் ஏறும். பேரனின் கணக்கு இலங்கைக் கணக்கு. ஆப்பிள் கார்டும் இப்படித்தான். அமேசனிலும் கனடாத் தளத்துக் கார்ட் அமெரிக்கத் தளத்தில் செல்லாது.

மாங்குளம் பைக் | 10.03.2025, மாலை 4.52

வி.பி.என். போட்டுக் கனடா என்று காட்டினால் ஏறும் என்று பெடியள் சொல்வார்கள்.

பம்பைமடு மாணவி | 10.03.2025, மாலை 5.10

அண்ணா, கணக்கின் நாட்டை மாற்ற அந்த நாட்டுக் கட்டண முறையும் வேண்டும், ஒரு தரம் மாற்றினால் திரும்ப மாற்ற ஒரு வருடம் ஆகும். பேரனின் கணக்கைப் பூட்டிவிட்டால் அவன் விளையாட்டில் சேர்த்ததெல்லாம் போய்விடும். அம்மா, தங்கச்சியின் பிள்ளைகள் கனடாவில் அந்தக் கார்டைத் தங்கள் போனில் ஏற்றட்டும். 50 டொலரைப் பேரனுக்குக் காசாக அனுப்பிவிடட்டும். யாருக்கும் நட்டமில்லை.

விசுவமடு அம்மா | 10.03.2025, இரவு 7.15

படத்தை அனுப்பாமல் விட்டது முருகன் செயல். தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். அவள் மகன் எடுத்துக்கொண்டான்.

அந்தப் பேஸ்புக்காரர் இப்போது, "படம் வேண்டாம், முதலில் நானே காசு போடுகிறேன், உங்கள் கணக்கு நம்பரைத் தாருங்கள்" என்கிறார். இப்படிக் கேட்டால் அவர் நல்லவர்தானே?

நெளுக்குளம் கெஷியர் | 10.03.2025, இரவு 10.20

கொடுக்க வேண்டாம் அம்மா. எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் இதில்தான் மாட்டினான். அவன் விற்றது ஒரு போன் கடை வவுச்சர். வாங்கியவர் முதலே காசு போட்டார். காசு வந்ததால் பெடியன் இலக்கத்தைக் கொடுத்தான். மூன்று கிழமை கழித்து வங்கி அவன் கணக்கை நிறுத்திவிட்டது. வந்த காசு வேறு யாரையோ ஏமாற்றிப் போட வைத்த காசு. ஏமாந்தவர் பொலிஸுக்குப் போக, கணக்கில் இருந்த பெயர் எங்கள் பெடியனுடையது. வவுச்சர் போன இடம் யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றவன் ஒருவன்தான், அவன் பெயர் எந்தக் கடதாசியிலும் இல்லை.

விற்பவர் பார்க்க வேண்டியது காசு வந்ததா என்பதை மட்டுமல்ல. அனுப்பியவரின் பெயரும் உங்களோடு கதைத்தவரின் பெயரும் ஒன்றா என்றும் பார்க்க வேண்டும்.

தையல்கடை, புதுக்குடியிருப்பு | 10.03.2025, இரவு 10.48

அண்ணா, நான் காசு போட்ட கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கதைத்தது ஆண் குரல். கேட்டேன், மனைவியின் கணக்கு என்றான். அது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. இப்போது நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது, அந்தப் பெண்ணும் என்னைப் போல எதையோ விற்க வந்தவளாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. என் 8,500 ரூபா அவளுக்கு எதற்காகப் போயிருக்கும்?

தையல்கடை, புதுக்குடியிருப்பு | 12.03.2025, மாலை 6.30

பொலிஸில் முறைப்பாடு எழுதினேன். கார்ட், உரித்த கோடு, கூரியர் உறை, பரிமாற்ற ரசீது, வட்ஸ்அப் கதை முழுவதும் அச்சடித்துக் கொண்டுபோனேன். எழுதியவர் முதலில், "வவுச்சர் எங்கள் வேலை இல்லை, கடையில் கேளுங்கள்" என்றார். கடை முகாமையாளர் தந்த 8.25 மணிக் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் பதிந்தார். ஒன்லைன் ஓடர் என்றால் சாமானை ஒரு விலாசத்துக்குத்தானே கொண்டுபோயிருப்பார்கள், அந்த விலாசம் கடையிடம் இருக்கும், கேட்டால் எனக்குத் தரமாட்டார்கள், பொலிஸுக்குத் தருவார்கள். அதையும் முறைப்பாட்டில் எழுதச் சொன்னேன்.

வங்கியிலும் கேட்டேன். நானே அனுப்பிய காசு, அனுப்பிய நிமிடமே போய்விட்டது, அவர்களால் திருப்பி எடுக்க முடியாது. அந்தக் கணக்கின் வங்கிக்கு அறிவிப்பதாக மட்டும் சொன்னார்கள்.

1977க்கும் எடுத்துப் பார்த்தேன், பாவனையாளர் அதிகார சபை. கடை எனக்கு விற்றிருந்தால் அவர்கள் கேட்கலாம். தனி ஆளிடம் வாங்கியதற்குப் பொலிஸ்தான் வழி என்று விளங்கியது.

தையல்கடை, புதுக்குடியிருப்பு | 13.03.2025, காலை 7.50

நேற்று இரவு உள்பெட்டிக்கு ஒரு செய்தி. நான் எழுதியதைப் படித்தாராம், கொழும்பில் கொம்பனிக்குள் ஆள் இருக்கிறாராம், 1,500 ரூபா கட்டினால் கார்டில் மீதியைத் திரும்ப ஏற்றித் தருவாராம். மீதி பார்க்க ஒரு லிங்கும் அனுப்பியிருந்தார். திறந்தேன். கடையின் படம், நிறம் எல்லாம் அப்படியே. கார்ட் நம்பரும் இரகசிய இலக்கமும் கேட்டது. முகவரியைப் பார்த்தால் கடையின் பெயருக்குப் பின்னால் வேறு ஏதோ எழுத்துகள். வெறும் கார்டின் இலக்கங்களைக் கொடுத்தாலும் எனக்கு இழக்க ஒன்றும் இல்லை, ஆனால் காசுள்ள கார்ட் வைத்திருப்பவர் அதில் அடித்தால் அவ்வளவுதான். கூகிளில் தேடி மீதி பார்ப்பவர்கள் கவனம்.

நெளுக்குளம் கெஷியர் | 13.03.2025, இரவு 9.40

கார்டின் பின்னால் அச்சடித்த இலக்கம், அச்சடித்த முகவரி, அவ்வளவுதான். தேடலில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். முடிந்தால் கவுண்டரிலேயே கேளுங்கள், எங்களுக்கு அரை நிமிட வேலை.

முள்ளியவளை | 16.03.2025, இரவு 8.15

இந்தக் கதையையெல்லாம் படித்துப் பயந்துபோய் எழுதுகிறேன். நான் விற்கிற பக்கம். போன வருடம் எங்கள் நிறுவனம் ஊழியர்களுக்கு 2,000 ரூபா கடதாசி வவுச்சர் ஐந்து தந்தது. கிளிநொச்சிக்குப் போக வசதிப்படவில்லை, அப்படியே இருந்துவிட்டது. இப்போது எடுத்துப் பார்த்தால் 31.03.2025 என்று முத்திரை. இன்னும் இரண்டு கிழமை. யாரும் நம்பி வாங்குவார்களா? திகதி முடிந்த பிறகு கடை எடுக்குமா?

நெளுக்குளம் கெஷியர் | 16.03.2025, இரவு 10.10

எடுப்பார்கள் என்று நம்பி வைத்திருக்காதீர்கள். கவுண்டரில் திகதி தாண்டினால் மெஷினே மறுத்துவிடும், கெஷியர் இரக்கப்பட்டும் பயனில்லை. சில கொம்பனிகள் தலைமை அலுவலகத்தில் கேட்டால் நீட்டித் தருவார்கள், ஆனால் முடிவதற்கு முன்னால் கேட்டவர்களுக்குத்தான் நான் கண்டிருக்கிறேன்.

மார்ச் கடைசியில் இப்படி வவுச்சர்கள் நிறைய விலைக்கு வரும், பாவிக்காமல் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பார்கள். அதனால் வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். படத்தில் திகதி இருக்கும் மூலை விரலால் மறைந்திருந்தாலோ, வெட்டுப்பட்டிருந்தாலோ திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேலே அச்சில் இருப்பது கொடுத்த திகதியாக இருக்கும், முடியும் திகதி பின்பக்கத்தில் மையால் குத்தியிருக்கும். நிறையப் பேர் முதல் திகதியைப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

கடதாசி வவுச்சருக்குக் கார்டைப் போல மீதி கிடையாது. ஒரே தரத்தில் முழுவதையும் பாவிக்க வேண்டும், 2,000 வவுச்சருக்கு 1,700க்குச் சாமான் எடுத்தால் 300 திரும்ப வராது.

தையல்கடை, புதுக்குடியிருப்பு | 16.03.2025, இரவு 10.35

முள்ளியவளை, நீங்கள் பெண் என்றுதான் நினைக்கிறேன், அக்கா என்றே எழுதுகிறேன். நான் வாங்குகிறேன். ஆனால் படமும் வேண்டாம், முன்பணமும் வேண்டாம். 22ஆம் திகதி சனிக்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில் கிளிநொச்சி போவோம். வவுச்சர் உங்கள் கையிலேயே இருக்கட்டும். நான் சாமான் எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வருகிறேன். மெஷின் ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு வவுச்சருக்கும் அந்த இடத்திலேயே 1,860 ரூபா தருகிறேன்.

முள்ளியவளை | 16.03.2025, இரவு 10.50

அக்காதான். சரி, வருகிறேன். பஸ் காசு என்னுடையது.

மாங்குளம் பைக் | 16.03.2025, இரவு 11.02

140 ரூபா இலாபத்துக்கு ஒரு நாளை விடுகிறீர்களா? குழுவில் 1,500க்கே போகிறது.

தையல்கடை, புதுக்குடியிருப்பு | 16.03.2025, இரவு 11.20

தம்பி, நான் எப்படியும் மாதத்துக்கு ஒரு தரம் போகத்தான் வேண்டும், நூலும் சிப்பும் அங்கேதான் எடுக்கிறேன். 1,500க்குப் போகிறது என்பதே இப்போது எனக்குப் பயம் தருகிறது. செல்லுபடியான 2,000 ரூபா வவுச்சரை 500 குறைத்து ஏன் ஒருவர் விற்க வேண்டும்? என்னுடையது 15 வீதம் குறைவு, அதுவே எனக்கு ஆசை காட்டப் போதுமாக இருந்தது.

தையல்கடை, புதுக்குடியிருப்பு | 22.03.2025, இரவு 8.00

போய் வந்தோம். அக்காவைப் பார்த்துவிட்டேன், பஸ்ஸில் முழு நேரமும் எங்கள் இருவர் பள்ளிக்கூடக் கதைதான். அவர் படித்த பள்ளிக்கூடத்தில்தான் என் மச்சாளும் படித்திருக்கிறாள்.

சாமானை 10,120 ரூபாவுக்கு எடுத்தேன், ஐந்து வவுச்சரும் வீணாகாமல் இருக்கக் கொஞ்சம் கூட வரும்படி கூட்டிக்கொண்டே போனேன். கவுண்டரில் முதல் நாலும் ஏறின. ஐந்தாவதை மெஷின் எடுக்கவில்லை. முகாமையாளர் வந்து தொடரிலக்கத்தைப் பார்த்தார். அது பாவிக்கப்படவும் இல்லை, காலாவதியாகவும் இல்லை, உயிர்ப்பிக்கப்படவே இல்லை என்றார். நிறுவனம் மொத்தமாக வாங்கியபோது கடைப் பக்கத்தில் ஒரு இலக்கம் விடுபட்டிருக்கிறது. அக்காவின் முகம் கறுத்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

நாலு வவுச்சருக்கு 7,440 ரூபா எண்ணிக் கொடுத்தேன், மிச்ச 2,120க்கு நானே காசு கட்டினேன். எனக்குச் சேமிப்பு 560 ரூபா. யோசித்துப் பாருங்கள், அந்த ஐந்தாவதைத் தபாலில் வாங்கியிருந்தால் அக்கா என்னை ஏமாற்றினார் என்று நான் சத்தியம் செய்திருப்பேன். அவர் என்னைப் பற்றி, பாவித்துவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். இருவருமே திருடர்கள் இல்லை.

முள்ளியவளை | 22.03.2025, இரவு 9.10

அந்த இடத்தில் அழுகையே வந்துவிட்டது எனக்கு. தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை மறக்க மாட்டேன். ஐந்தாவதை என்ன செய்யலாம்?

நெளுக்குளம் கெஷியர் | 23.03.2025, காலை 6.20

அதை யாருக்கும் விற்காதீர்கள் அக்கா. உங்கள் அலுவலகத்தில் மொத்தமாக வாங்கிய பில் இருக்கும், அதில் தொடரிலக்கங்கள் இருக்கும். அந்தப் பில்லோடு அலுவலகம் கேட்டால் கடை அதைச் சரிசெய்து தர வேண்டும். 31க்கு முன் எழுத்தில் கேளுங்கள், பிறகு திகதியைக் காட்டுவார்கள். மறுத்தால் 1977. இது கடை விற்றது, ஆகவே அவர்கள் கேட்கலாம். சட்டப்படி விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்று இருக்கிறது, உங்கள் நிறுவனம் வாங்கியது போன வருடம். அதனால்தான் கடையோடு பேசித் தீர்ப்பது நல்லது என்கிறேன்.

மாங்குளம் பைக் | 23.03.2025, காலை 9.00

மூன்று மாதம் என்பது விற்ற நாளிலிருந்தா, ஏறவில்லை என்று தெரிந்த நாளிலிருந்தா? ஒரு வருடம் செல்லுபடியாகும் சாமானுக்கு மூன்று மாதம் என்றால் எப்படி?

நெளுக்குளம் கெஷியர் | 23.03.2025, இரவு 9.55

நல்ல கேள்வி தம்பி. நான் கெஷியர், சட்டத்தரணி இல்லை. தெரிந்தவர் யாராவது எழுதட்டும்.

முள்ளியவளை | 02.04.2025, மாலை 5.30

அலுவலகம் 27ஆம் திகதி கடிதம் அனுப்பியது. பதில் இன்னும் வரவில்லை. கணக்காளர் பில்லைத் தேடி எடுத்தபோது அதே பெட்டிக்குள் பாவிக்காத வவுச்சர் இன்னும் ஆறு இருந்ததாம், எல்லாம் 31இல் முடிந்துவிட்டது.

தையல்கடை, புதுக்குடியிருப்பு | 09.04.2025, இரவு 9.25

மகளுக்குச் சப்பாத்து வாங்கியாகிவிட்டது. வருடப் பிறப்புத் தையல் காசில், பரந்தனில்.

பொலிஸிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. ஆனால் இன்று மச்சாள் வேறொரு விற்பனைக் குழுவில் வந்த படத்தை எனக்கு அனுப்பினாள். வாங்கலாமா என்று கேட்டாள். 10,000 ரூபா கார்ட், விலை 8,500, கொழும்பில் வேலை, தேவையில்லை. கார்டுக்குக் கீழே விரித்திருந்த மேசைத்துணியைப் பார்த்தவுடன் எனக்குக் கை நடுங்கிவிட்டது. நீலப் பூ, ஓரத்தில் சங்கிலித் தையல் ஒரு இடத்தில் அறுந்து தொங்குகிறது. தையல்காரிக்கு அது மறக்காது. எனக்கு வந்த படத்திலும் அதே துணி, அதே அறுந்த நூல். போன் நம்பர்தான் வேறு.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடித்துவிட்டேன். நாளை காலை கடை திறக்க முன் முறைப்பாட்டு இலக்கத்தோடு பொலிஸுக்குக் கொண்டுபோகிறேன். குழு நிர்வாகிக்கும் அனுப்பினேன், பார்த்துவிட்டார், பதில் இல்லை. அந்தக் குழுவில் இருப்பவர்கள் இதைப் படித்தால், காசு போட்டுவிட்டீர்களென்றால் கார்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே கடைக்கு அழைத்து அந்த நம்பரை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள்.